திங்கள் காலை ஒரு பக்கம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், ராசிபுரம் பிரிவைத் தாண்டிச் சற்று நேரத்தில் வருகிற ஊர் புதுச்சத்திரம். ஊரைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள். நான் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி சேலத்தில் இருக்கிறது. நான் ஊரிலிருந்தபடியே செய்கிறேன். பண்ணை, தீவன மில், முட்டை வியாபாரம் மூன்றும் ஒரே குடும்பத்திடம் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு வாராவாரம் நிலவர அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எடைமேடை, தீவன அரவை, முட்டை இருப்பு, பில் எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் ஓடுகின்றன. எதில் சிக்கல் வந்தாலும் அவர்கள் ஆட்கள் ஒரு டிக்கெட் போடுவார்கள். வாரக் கடைசியில் அந்த டிக்கெட்டுகளை ஒரு கோப்பாக இறக்கி, அதிலிருந்து முதலாளி படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுத வேண்டும்.

முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். கோழிக்குஞ்சு இறக்கிய நாளிலிருந்து எந்த ஷெட்டில் எத்தனை சதவீதம் முட்டை விழுகிறது என்பதை மனக்கணக்காகச் சொல்வார். எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் அனுப்பிய அறிக்கைகளில் வண்ண வண்ண வட்டப்படங்கள் இருந்தன. திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை, சராசரி நேரம் எவ்வளவு என்று நாலைந்து பக்கம். நான் பொறுப்பெடுத்த வாரம் அவரிடம் பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங் அம்மிணி, போன வாரம் பன்னெண்டு பாக்கின்னு போட்டிருந்தாங்க. இந்த வாரம் முப்பது வந்துச்சு, முப்பத்தஞ்சு முடிச்சோம்ங்கறாங்க. அப்புறம் எப்படிங் பதினாறு பாக்கி நிக்குது?"

நியாயமான கேள்வி. பன்னிரண்டும் முப்பதும் நாற்பத்திரண்டு. முப்பத்தைந்து போனால் ஏழு. மீதி ஒன்பது எங்கிருந்து வந்தது என்று அறிக்கையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முட்டைக் கிடங்கில் இப்படி ஒரு இருப்புப் பதிவேடு எழுதினால் அந்தக் கணக்கரை அன்றைக்கே நிறுத்திவிடுவார். ஆரம்ப இருப்பு, வரவு, பற்று, இறுதி இருப்பு. நேற்றைய இறுதிதான் இன்றைய ஆரம்பம். அவர் ஆயுள் முழுக்கப் படித்த கணக்கு அது. அன்றிலிருந்து என் அறிக்கையின் அடித்தளம் அந்தப் பதிவேடுதான்.

ஆனால் டிக்கெட் கோப்பு பதிவேடு இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இறக்குகிற கோப்பில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு வரிசை. `Created`, `Status`, `Priority`, `Resolved` என்று தலைப்புகள். அது இந்த நிமிடம் டிக்கெட்டுகள் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் காட்டும். போன ஞாயிறு எப்படி இருந்தன என்பதைக் காட்டாது. போன வாரம் முடித்த ஒரு டிக்கெட்டை அவர்கள் புதன்கிழமை மறுபடி திறந்தால், எங்கள் கருவி அதன் `Resolved` தேதியை அழித்துவிட்டு `Open` என்று மாற்றிவிடும். அப்போது போன வாரக் கணக்கை இன்றைய கோப்பிலிருந்து திரும்பப் போட்டால், போன வாரம் முடித்தது ஒன்று குறையும். ஏற்கெனவே முதலாளி கையில் இருக்கும் தாளோடு இது ஒத்துவராது. எனக்கு முன்னால் இருந்தவரின் கணக்கு உதைத்த இடம் இதுவே. ஒவ்வொரு வாரமும் ஆரம்ப இருப்பைப் புதிதாகக் கோப்பிலிருந்தே கணக்கிட்டிருந்தார்.

வழி எளிது, கொஞ்சம் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறு நள்ளிரவுக் கணக்குக்கும் கோப்பை இறக்கி, தேதியைப் பெயராக வைத்துத் தனியாக மூடி வைத்துவிடுவேன். அதை அப்புறம் தொடுவதில்லை. அடுத்த வாரத்தின் ஆரம்ப இருப்பு அந்தப் பழைய கோப்பின் இறுதி இருப்பு. மறுபடி திறந்தவற்றைக் கண்டுபிடிக்கவும் அதே கோப்புதான்: பழைய கோப்பில் முடிந்ததாக இருந்து, புதிய கோப்பில் திறந்ததாக நிற்கும் எண்களை ஒரு `VLOOKUP` பொறுக்கிக் கொடுத்துவிடும். வாரத்துக்குள்ளேயே திறந்து மறுபடி மூடியது மட்டும் இதில் தப்பும். அதற்கு டிக்கெட்டின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அந்த வாரத்தில் எல்லாமே இருந்தது.

திங்கள் முதல் ஞாயிறு வரை என்று வடிகட்டினால் கோப்பில் 46 வரிசைகள். இதை அப்படியே "புதிதாக வந்தவை 46" என்று எழுதக்கூடாது. முதலில் நேரம். எங்கள் கருவி கோப்பில் நேரத்தை யூடிசியில் கொடுக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சென்னையில் பத்து மணிக்குக் கடை திறக்கிற வாடிக்கையாளராக இருந்தால் இது பெரிதாக உறைக்காது. பண்ணை வேலை அப்படி இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு லோடு ஏற்றுவார்கள், பில் போடுவார்கள். திங்கள் காலை 4:50-க்கு ஒருவர் டிக்கெட் போட்டால் கோப்பில் அது ஞாயிறு 23:20 என்று விழும். அதாவது போன வாரத்துக்குப் போய்விடும். போன வார அறிக்கையை ஏற்கெனவே எழுதியிருந்தால், அந்த டிக்கெட் எந்த வாரத்திலும் வராமல் காணாமல் போகும். ஆகவே முதல் வேலையாக ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து நம் தேதியை எடுத்துக்கொள்வேன். கோப்பில் நேரம் `2024-06-09T23:20:00Z` என்ற வடிவில் வெறும் எழுத்தாக வருவதால் நேரடியாகக் கூட்ட முடியாது. பிரித்துத்தான் கூட்ட வேண்டும்:

```
=INT(DATEVALUE(LEFT(C2,10))+TIMEVALUE(MID(C2,12,8))+TIME(5,30,0))
```

இதைப் போட்டதும் முன்பக்கம் 4 டிக்கெட் உள்ளே வந்தன. பின்பக்கம், அடுத்த திங்கள் விடியற்காலையைச் சேர்ந்த 3 வெளியே போயின. 47 ஆயிற்று. எண்ணிக்கையில் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் உள்ளே வந்த அந்த நாலில்தான் அந்த வாரத்தின் மிகப் பெரிய விஷயம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

அடுத்தது குப்பை. நாங்களே சோதனைக்காகப் போட்டவை, மின்னஞ்சலுக்குத் தானாக வந்த பதில்கள் டிக்கெட்டாக மாறியவை என 5. அவை போக 42. அப்புறம் ஒரே சிக்கலுக்குப் பல பேர் போட்டவை. புதன்கிழமை காலை எடைமேடை கணினியோடு பேசாமல் நின்றுவிட்டது. எடைமேடைக்காரர் ஒன்று போட்டார், மறுபடியும் ஒன்று போட்டார், மில் சூப்பர்வைசர், ஸ்டோர், கணக்கர் என்று ஆளுக்கொன்று, மொத்தம் 7. அந்த ஏழும் ஒரு சிக்கல். விடியற்காலை நாலும் அதே மாதிரி ஒரு சிக்கல்தான். ஆறும் மூன்றும் ஒன்பது கழிந்து 33 நின்றது.

இரட்டைகளை எப்படி அடையாளம் காண்பது? தலைப்பை நம்பினால் கதை கந்தல். ஒருவர் `weight not coming` என்று எழுதுவார், இன்னொருவர் `lorry line full urgent`, மூன்றாமவர் `system hang`. மூன்றும் ஒன்று என்று எந்தத் தேடலும் சொல்லாது. நான் நேரத்தையும் இடத்தையும் வைத்துத்தான் பார்ப்பேன். அரை மணி நேரத்துக்குள் ஒரே கட்டடத்திலிருந்து மூன்றுக்கு மேல் வந்திருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் திறந்து படிக்க வேண்டும். 42 டிக்கெட்டைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகாது. ஆயிரக்கணக்கில் வருகிற இடங்களில் இப்படிச் செய்ய முடியாது. நாற்பது, ஐம்பது வருகிற இடத்தில் படிக்காமல் அறிக்கை எழுதுவது சோம்பேறித்தனம்.

இப்போது பதிவேடு எழுதலாம். போன ஞாயிறு பாக்கி 11. புதிதாக வந்தவை 33. மறுபடி திறந்தவை 2. கூட்டினால் 46. முடித்தவை 36. பாக்கி 10. கோப்பில் திறந்திருப்பவற்றைத் தனியாக எண்ணினாலும் 10 வர வேண்டும். வராவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த வித்தியாசத்தைத் தேடுவேன். பெரும்பாலும் ஒரு இரட்டையை இணைக்கும்போது இரண்டையும் மூடியிருப்பார்கள். அல்லது யாரோ டிக்கெட்டை வேறு வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றியிருப்பார்கள்.

முடித்தவை என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் ஆள் வேலையை முடித்தால் `Resolved`. அவர்கள் ஆள் மூன்று நாள் பதில் சொல்லாவிட்டால் கருவி தானாகவே `Closed` என்று போட்டுவிடும். அந்த `Closed`-ஐப் பார்த்து "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பதில் சொல்லாததற்குப் பண்ணையில் ஆயிரம் காரணம் இருக்கும். கோழிக்கு ஊசி போடுகிற நாளில் யார் மின்னஞ்சல் பார்ப்பார்கள்? எனக்கு எண்ணிக்கைக்கு `Resolved` தேதி போதும். ஆனால் வேலையை நிறுத்திய சிக்கல்களுக்கு மட்டும் அந்த இடத்தில் இருப்பவருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

33-ஐயும் மூன்றாகப் பிரிப்பேன். வேலை நின்றது அல்லது தவறாக நடந்தது, ஏதோ ஒன்று கேட்டது, புதிதாகச் செய்து தரச் சொன்னது. பாஸ்வேர்டு மறந்தது, பில் மறுபடி அச்சடிக்க வேண்டும், புது ஆளுக்கு அனுமதி வேண்டும் என்பன இரண்டாவது வகை. அந்த வாரம் 19. ஷெட்வாரியாக முட்டை எடை காட்டும் அறிக்கை வேண்டும் என்பது போன்றவை மூன்றாவது; 6. மீதி 8-இல்தான் வேலை நின்றது. முதலாளிக்கு விவரமாகச் சொல்ல வேண்டியது இந்த எட்டைத்தான். 19 பாஸ்வேர்டுக்காரர்களையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்தால் மென்பொருள் தினமும் படுத்துவிடுகிறது என்று தோன்றும். எட்டை அதற்குள் மறைத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். இரண்டும் பொய்.

இந்த எட்டையும் சரிசெய்ய எடுத்த நேரம் நிமிடங்களில் இப்படி இருந்தது: 20, 25, 35, 40, 50, 70, 95. எட்டாவது மூன்று நாள். எட்டுக்கும் சராசரி போட்டால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. எட்டில் ஒன்றுகூட அப்படிப்பட்ட நேரம் எடுக்கவில்லை. வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 45 நிமிடம். கம்பெனிக்கு அழகான எண், ஆனால் மூன்று நாள் காத்திருந்த மில்காரர் அதைப் பார்த்தால் கோபப்படுவார். எட்டே எட்டு சம்பவத்துக்கு எந்த ஒற்றை எண்ணும் தேவையில்லை. "ஏழு, ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தன; ஒன்று மூன்று நாள் ஆனது, காரணம் இது" என்று எழுதினால் முடிந்தது. அதே காரணத்துக்காக வார அறிக்கையில் நான் சதவீதம் எழுதுவதில்லை. இரண்டு மூன்றானால் ஐம்பது சதவீத உயர்வு என்று வரும்; முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும்.

டிக்கெட்டில் இருக்கிற நேரமும் உண்மையில் வேலை நின்ற நேரமும் ஒன்றல்ல. எடைமேடை டிக்கெட் 6:10-க்கு வந்து 7:45-க்கு முடிந்தது, 95 நிமிடம். எடைமேடைக்காரரிடம் கேட்டால், "5:40-க்கே நின்னு போச்சுங்க. ஒயரைக் கழட்டி மாட்டிப் பாத்தேன், ரெண்டு தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணேன், அப்புறம்தான் போட்டேனுங்க" என்றார். மக்காச்சோள லோடு வந்தால் முதலில் பாரத்தோடு எடை, இறக்கிய பிறகு வெறும் வண்டி எடை. இரண்டின் வித்தியாசத்துக்குத்தான் பணம். இரண்டு எடையும் கணினியில் ஏறாமல் ரசீது வராது. ஆறு லாரிகள் வாசலில் நின்றன. ஆக முதலாளிக்கு அது 95 நிமிடம் இல்லை, இரண்டு மணி நேரம். அறிக்கையில் எழுத வேண்டியது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். இதை எழுதும்போது எங்கள் அலுவலகத்தில் முணுமுணுப்பு வரும், டிக்கெட் போடாத அரை மணிக்கு நாம் எப்படிப் பொறுப்பு என்று. பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தப் பேச்சு. என்ன நடந்தது என்பதுதான் அறிக்கை.

இப்போது அந்த விடியற்காலை நாலு டிக்கெட். நாலிலும் `Priority` என்ற இடத்தில் `Low` என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் இரவுப் பணியில் இருந்தவர் அப்படிப் போட்டிருந்தார். தலைப்பு `old rate in bill`. விலை என்பது வாடிக்கையாளர் தாங்களே மாற்றிக்கொள்ளும் தரவு, மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எதுவும் நிற்கவில்லை. அவர் பார்வையில் `Low` சரிதான். நாமக்கல்லில் இருக்கிற யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1982-இல் பண்ணையாளர்கள் சேர்ந்து தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நெக் என்று நாங்கள் சொல்வது, நாமக்கல் மண்டலத்துக்கென்று முட்டைப் பண்ணை விலையை அறிவிக்கிறது. விலை பைசாவில் ஏறும், இறங்கும். வியாபாரிகளுக்கு அதிலிருந்து ஒரு முட்டைக்கு இத்தனை பைசா என்று கழிவு உண்டு. அதற்கு மைனஸ் என்று பெயர். பில்லில் விலை, மைனஸ் இரண்டும் அந்த நாளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். பத்து பைசா என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஒரு லட்சம் முட்டைக்கு அது 10,000 ரூபாய்.

அந்தத் திங்களன்று விலை பத்து பைசா ஏறியிருந்தது. ஞாயிறு மாலையே கணக்கர் புது விலையைத் திங்கள் தேதியிட்டு ஏற்றிவிட்டார். ஆனால் விடியற்காலை போட்ட பில்களில் பழைய விலை விழுந்தது. இரண்டு வண்டி, வண்டிக்கு 3,000 ட்ரே, ட்ரேக்கு 30 முட்டை. மொத்தம் 1,80,000 முட்டை. 18,000 ரூபாய் குறைத்துப் பில் போட்டு, வண்டிகள் கேரளாவுக்குக் கிளம்பியும் ஆயிற்று. 5:30-க்கு மேல் போட்ட பில்களில் விலை சரியாக இருந்தது. எங்கள் ஆள் போய்ப் பார்த்தபோது எதுவும் தவறாகத் தெரியவில்லை. "சரியாக இருக்கிறது, உங்கள் ஆட்கள் தாமதமாக விலை ஏற்றியிருப்பார்கள்" என்று எழுதி மூடிவிட்டார்.

அந்த 5:30 தான் குட்டை உடைத்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு மென்பொருளைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். புது சர்வரின் கடிகாரம் யூடிசியில் இருந்தது. நமக்குத் திங்கள் பிறந்தாலும் காலை ஐந்தரை வரை அதற்கு ஞாயிறுதான். ஆகவே ஞாயிறு விலையையே எடுத்தது. சனிக்கும் ஞாயிறுக்கும் விலை மாறாததால் ஞாயிறு விடியலில் யாருக்கும் தெரியவில்லை. டிக்கெட் நேரத்தைத் திருத்துவதற்காக ஐந்தரை மணி கூட்டிக்கொண்டிருந்த எனக்கு, பில் எண்களையும் நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கோடு எங்கே விழுகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. டிக்கெட் மூடியே இருந்தது. மறுபடி திறக்கச் சொன்னேன். கடிகாரத்தைச் சரி செய்தார்கள். வாங்கியவர்களுக்கு வித்தியாசத் தொகைக்கு டெபிட் நோட் போட்டார் கணக்கர்.

இதனால்தான் `Priority` நெடுவரிசையை நான் அறிக்கைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. அது எங்கள் ஆட்கள் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கான குறி. முதலாளிக்கு எது பெரிது என்பதை நான் மூன்று கேள்வியில் முடிவு செய்வேன்: வண்டி நின்றதா, பணம் மாறியதா, கோழிக்குத் தீவனம் தாமதமானதா. ஒன்றுக்காவது ஆம் என்றால் அறிக்கையின் மேலே போகும்.

இன்னொன்று, திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. ஒரு வாரக் கோப்பில் அது தெரியாது. மூடி வைத்த பழைய கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, இடத்தின் பெயரால் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எடைமேடை ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு தலைப்பு, வேறு பதில்: ஒருமுறை மென்பொருளை மறுபடி தொடங்கினார்கள், ஒருமுறை கேபிளை மாற்றிச் செருகினார்கள். மறுபடி திறந்த இரண்டில் ஒன்றும் இதுதான். "எடை தாமதமாக வருகிறது" என்று போன வாரம் வந்து முடிந்ததாகப் போட்டது. எடைக்கருவியின் சீரியல் கேபிளைக் கணினியோடு இணைக்கும் சின்ன கன்வெர்ட்டர்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றினார்கள். எர்த்திங் சரியில்லாததால் அது போயிருக்கலாம் என்றார் எங்கள் ஆள். அது எலக்ட்ரீஷியன் வேலை. வாடிக்கையாளர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பாக்கி 10-ஐயும் யாரிடம் நிற்கிறது என்று பிரிப்பேன். எங்களிடம் 5, எடைக்கருவிக் கம்பெனியிடம் 1, அவர்களிடம் 4. கருவியில் `Waiting for customer` என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் போட்டதும் எங்கள் கடிகாரம் நின்றுவிடும். அதனால் சந்தேகம் வந்தாலே அதில் தள்ளிவிடும் பழக்கம் ஆட்களுக்கு உண்டு. கடைசிக் குறிப்பில் ஒரு தெளிவான கேள்வி இருக்கிறதா, அது அவர்கள் ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அது எங்கள் கணக்கில் வரும். அந்த வாரம் ஆறு அப்படி நின்றன; இரண்டு எங்களுக்கு வந்தன.

எல்லாம் முடிந்து அனுப்பியது இவ்வளவுதான்:

"இந்த வாரம் வேலை நின்றவை 8. இரண்டு முக்கியம்.

திங்கள் விடியற்காலை 5:30-க்கு முன் போட்ட பில்களில் பழைய முட்டை விலை விழுந்தது. 2 வண்டி, 1,80,000 முட்டை, 18,000 ரூபாய் வித்தியாசம். காரணம் எங்கள் புது சர்வரின் கடிகாரம். சரி செய்துவிட்டோம். கணக்கர் டெபிட் நோட் போட்டுவிட்டார்.

புதன் காலை எடைமேடை 2 மணி நேரம் நின்றது. 6 மக்காச்சோள லாரிகள் காத்திருந்தன. இந்த மாதம் மூன்றாவது தடவை. கன்வெர்ட்டர் மாற்றியிருக்கிறோம். எர்த்திங் பார்க்காவிட்டால் மறுபடி வரலாம்.

மில் அச்சுப்பொறி 3 நாள் ஓடவில்லை. உதிரிபாகம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கையால் எழுதி அரவை நடந்தது, தீவனம் தாமதமாகவில்லை. மீதி ஐந்தும் ஒன்றேகால் மணிக்குள் முடிந்தன.

உங்களிடமிருந்து வேண்டியவை: எடைமேடைக்கு எலக்ட்ரீஷியன், புது கேரள வியாபாரிக்கு மைனஸ் எவ்வளவு என்று, புது சூப்பர்வைசரின் போன் நம்பர், ஆடிட்டரிடமிருந்து ஆரம்ப இருப்புத் தொகை.

போன வாரப் பாக்கி 11, புதிது 33, மறுபடி திறந்தது 2, முடிந்தது 36, பாக்கி 10."

வாட்ஸ்அப்பில் படமாகப் போகும். போனைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றே படித்துவிடலாம். டிக்கெட் எண்கள், பெயர்கள் எல்லாம் இரண்டாவது தாளில் கணக்கருக்கு மட்டும். யார் டிக்கெட் போட்டார், யார் தாமதித்தார் என்ற பெயர்களை முதல் தாளில் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரத்திலிருந்து யாரும் டிக்கெட் போடமாட்டார்கள், போனில் கூப்பிடுவார்கள்.

ஏற்கெனவே பாதிப் பேர் போனில்தான் கூப்பிடுகிறார்கள். அதைத் தடுக்க முடியாது. கையில் முட்டை ட்ரேயோடு நிற்பவர் மின்னஞ்சல் அனுப்பமாட்டார். போனில் முடித்ததையும் டிக்கெட்டாகப் பதியச் சொல்லியிருக்கிறேன். அவை திறந்த இரண்டு நிமிடத்துக்குள் மூடியதாகக் கோப்பில் வரும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றை எண்ணிக்கையில் சேர்ப்பேன், நேரக் கணக்கில் சேர்க்கமாட்டேன். பதியாமலே போனவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் கண்டேன்: ஞாயிறு மாலை எடைமேடைக்காரர், கணக்கர், மில் சூப்பர்வைசர் மூவரிடமும் "இந்த வாரம் எதுக்காச்சும் எங்க ஆளைக் கூப்பிட்டீங்களாங்க?" என்று கேட்டுவிடுவது. அவர்கள் சொல்வதில் ஒன்று கோப்பில் இல்லையென்றால், புதிதாக ஒரு டிக்கெட் போட்டு, அந்த நாளின் நேரத்தைக் குறிப்பில் எழுதிவிட்டு, பதிவேட்டை மறுபடி கூட்டுவேன்.